480-ஆவது ஃப்ரேம்: புளியரையில் ஒரு ராத்திரி ரெண்டர்

செங்கோட்டையில் கல்யாண வீடியோ எடிட்டிங் கடை வைத்திருக்கிறேன். அனிமேஷன் படிக்கும் பையன்கள் சிலர் சாயங்காலம் வந்து உட்கார்ந்து வேலை பழகுவார்கள். அவர்களில் ஒருவன் புளியரைக்காரன். செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் வீடு, அப்பா கேரளாவுக்குக் காய்கறி லோடு ஓட்டுகிறார், தாத்தா மீட்டர்கேஜ் காலத்தில் ஆரியங்காவுப் பாதையில் கேங்மேனாக இருந்தவர். அவன் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய படம் ஒன்று, ராத்திரி முழுக்க ரெண்டர் ஆகி, அதாவது கணினி ஒவ்வொரு ஃப்ரேமாக வரைந்துகொண்டே போய், கடைசி ஃப்ரேமில் நின்றுபோனது. ஏன் நின்றது, எதை இழந்தோம், எதைத் திரும்ப எடுத்தோம் என்று முழுதாக எழுதி வைக்கிறேன். இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. அன்று காலை அவை ஒன்றாகத்தான் தெரிந்தன.

படம் கழுதுருட்டிப் பதிமூணு கண் பாலம். கொல்லம்–செங்கோட்டைப் பாதையில் 1904-இல் மீட்டர்கேஜ் ரயில் ஓடத் தொடங்கியபோது வந்த கருங்கல் பாலம் அது. 2018-இல் பாதை அகலப்பாதையாகத் திறந்த பிறகும் அதே கண்களின் மேல்தான் ரயில் போகிறது. பையன் பழைய மீட்டர்கேஜ் வண்டியைப் பாலத்தின் மேல் ஓடவிட்டிருந்தான். முதல் ஷாட் 20 விநாடி, பாலமும் காடும். இரண்டாவது ஷாட் ஆரியங்காவு ஸ்டேஷன், தண்டவாளத்தின் பக்கத்தில் தாழ்வாக வைத்த கேமரா. அந்த ஷாட்டுக்குக் கீழே ஜல்லி வேண்டும். தாத்தா கை வைத்த இடம் என்பதால் ஜல்லியில் மட்டும் அவன் பட்ட பாடு அதிகம்.

மறுநாள் பதினொரு மணிக்குள் முதல் ஷாட்டை அனுப்பினால் போதும். அது சாரல் சீசன், கரண்ட் போய்ப் போய் வரும். அவன் பயந்தது கரண்டுக்கும் சூட்டுக்கும்தான். பேட்டரி முழுக்க ஏற்றி, லேப்டாப்பை ஜன்னலோரம் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, இரவு ஒன்பதரைக்கு ரெண்டரை அமுக்கினான். பழைய ஐ5 லேப்டாப், 8 ஜிபி ரேம், உபுண்டு, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிளெண்டர் என்ற 3டி மென்பொருள், அதில் படத்தை வரையும் எஞ்சின் சைக்கிள்ஸ், 1920-க்கு 1080, ஒரு ஃப்ரேமுக்கு ஏறக்குறைய 65 விநாடி. 480 ஃப்ரேமுக்கு 8 மணி 40 நிமிஷம். கணக்கு சரியாகவே இருந்தது. காலை ஆறு பத்துக்கு அவன் எழுந்து பார்த்தபோது மேலே 480 என்று ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஒரு நிமிஷத்தில் மவுஸ் நின்றது, திரை உறைந்தது, அப்புறம் பிளெண்டர் ஜன்னலே மறைந்து வெறும் டெஸ்க்டாப் தெரிந்தது. மின்சாரம் போகவில்லை, லேப்டாப்பும் அணையவில்லை.

போனில் அழுகிற குரல். "அண்ணே, எல்லாம் போச்சுண்ணே. கடைசி ஃப்ரேம்ல நின்னுட்டு. வீடியோ ஓப்பனே ஆக மாட்டேங்கு."

"மறுபடி ரெண்டர் போட்டியால?"

"இல்லண்ணே. இப்பதான் போடப் போறேன்."

"போடாத. ஒண்ணையும் தொடாம அப்படியே மூடி எடுத்துட்டு வா."

அவனைத் தடுத்ததற்குக் காரணம் உண்டு. பிளெண்டர் வீடியோவாக ரெண்டர் செய்யும்போது, நாம் பெயர் வைக்காவிட்டால் முதல் ஃப்ரேம், கடைசி ஃப்ரேம் எண்களையே ஃபைலின் பெயராக வைக்கும். அவனுடைய ஃபைல் `0000-0480.mp4`. அதே எண்களோடு மறுபடி அமுக்கியிருந்தால், அதே பெயரில் புது ஃபைல் முதலிலிருந்து எழுதப்பட்டிருக்கும். ராத்திரி முழுக்கச் செய்த வேலை முதல் விநாடியிலேயே அழிந்திருக்கும். இப்படிப் பதறி அமுக்கித் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஃபைலுக்குள் என்ன இருந்தது

ஏழு மணிக்கு அப்பாவின் டிவிஎஸ் 50-இல் வந்து சேர்ந்தான். ஃபைலின் அளவு 31 எம்பி. ஓடாத ஃபைலுக்கு 31 எம்பி எதற்கு என்பதுதான் முதல் கேள்வி. வீடியோ ஃபைலின் உள்விவரம் சொல்லும் `ffprobe` போட்டுப் பார்த்தோம்:

```
moov atom not found
0000-0480.mp4: Invalid data found when processing input
```

கல்யாண வீடியோக்காரர்களுக்கு இந்த வரி நன்றாகத் தெரியும். தாலி கட்டும் நேரத்தில் கேமரா பேட்டரி செத்தாலும் இதுதான் வரும். எம்பி4 ஃபைலில் படங்கள் ஓர் இடத்திலும், எந்தப் படம் எந்த இடத்தில் எத்தனை பைட்டில் இருக்கிறது என்ற அட்டவணை இன்னோர் இடத்திலும் இருக்கும். அந்த அட்டவணைதான் `moov`. ஃபைலை எழுதும் மென்பொருள் படங்களை வரவர எழுதிக்கொண்டே போகும். அட்டவணையை எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் எழுதும், எல்லாப் படத்தின் அளவும் அப்போதுதானே தெரியும். நடுவில் செத்தால் அட்டவணை இல்லை. படங்கள் உள்ளே முழுதாக இருந்தும், பிளேயருக்கு எது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது.

ஆக, ஒரே ஒரு ஃப்ரேம் கெட்டதற்கு 480 ஃப்ரேமும் போனதுபோல் தெரிந்ததற்குக் காரணம் கிராஷ் அல்ல, எம்பி4-ஆக நேரடியாக எழுதவிட்டதுதான். பத்தாவது ஃப்ரேமில் செத்திருந்தாலும் இதே கதிதான், பத்து ஃப்ரேமோடு போயிருக்கும். கடைசி ஃப்ரேம் என்பதால் வயிற்றெரிச்சல் அதிகம், அவ்வளவே.

இப்படிப்பட்ட ஃபைலைச் சரிசெய்ய `untrunc` என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதற்கு அதே அமைப்பில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்று மாதிரியாக வேண்டும். கேமரா என்றால் அதே கேமராவில் எடுத்த வேறு கிளிப்பைக் கொடுப்போம். இங்கே பிளெண்டரிலேயே மாதிரி செய்ய வேண்டியிருந்தது. ஃப்ரேம் அளவு, விநாடிக்கு எத்தனை ஃப்ரேம், கோடெக் அமைப்புகள் இவை மட்டும் அப்படியே இருக்க வேண்டும். படம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை. அதனால் படத்தின் தெளிவைத் தீர்மானிக்கும் சாம்பிள் எண்ணை 1 ஆக்கி, 0 முதல் 47 வரை வேறு ஃபோல்டரில் ரெண்டர் செய்தோம். புள்ளி புள்ளியாகப் படம் வந்தது, ஆனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு உடைந்த ஃபைலின் நகலைக் கொடுத்தோம்:

```
untrunc good.mp4 broken.mp4
```

வந்த ஃபைலுக்கு `saved.mp4` என்று பெயர் வைத்து ஓட்டினோம். பாலம் வந்தது, வண்டி வந்தது. பையன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். ஆனால் வண்டியின் கடைசிப் பெட்டி பாலத்தைத் தாண்டும் முன்பே படம் நின்றது. எண்ணிப் பார்த்தோம்:

```
ffprobe -v error -count_frames -select_streams v:0 \
  -show_entries stream=nb_read_frames -of csv=p=0 saved.mp4
```

431. ரெண்டர் ஆகி முடிந்தவை 0 முதல் 479 வரை, 480 ஃப்ரேம். மீதி 49 எங்கே? என்னையும் இது கொஞ்ச நேரம் யோசிக்க வைத்தது, கேமரா ஃபைல்களில் இவ்வளவு குறைந்து நான் பார்த்ததில்லை.

அந்த 49-உம் ஃபைலுக்கே வந்து சேரவில்லை. எச்.264 எழுதும் `libx264` ஒரு ஃப்ரேமை வாங்கியவுடன் எழுதிவிடாது. அடுத்து வரும் ஃப்ரேம்களைப் பார்த்துத்தான் எதற்கு எத்தனை பைட் ஒதுக்கலாம் என்று முடிவெடுக்கும். சாதாரண அமைப்பில் அது 40 ஃப்ரேம் முன்னே பார்க்கும். அதற்கு மேல் பல த்ரெட்களில் வேலை செய்வதால் கையில் இன்னும் சில ஃப்ரேம்கள் நிற்கும். ஆக எந்த நேரத்திலும் ஐம்பதுக்குக் கொஞ்சம் குறைவான ஃப்ரேம்கள் ரேமில் காத்திருக்கும். கேமராவில் இருக்கும் சிப் இப்படி நீளமாக முன்னே பார்ப்பதில்லை, அதனால்தான் அங்கே இழப்பு சில ஃப்ரேம்களோடு நிற்கிறது. பிளெண்டர் செத்தபோது அந்த 49-உம் ரேமோடு போய்விட்டன. எம்பி4-க்குப் பதிலாக எம்கேவி வைத்திருந்தால் ஃபைல் உடனே ஓடியிருக்கும், ஆனால் இந்த 49 அப்போதும் போயிருக்கும். எம்கேவி போதும் என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

49 ஃப்ரேமை 65-ஆல் பெருக்கினால் 53 நிமிஷம். மணி எட்டுகூட ஆகவில்லை, நேரம் இருந்தது. ஆனால் ஏன் செத்தது என்று தெரியாமல் மறுபடி ஓட்ட எனக்கு மனமில்லை.

480-இல் என்ன நடந்தது

பிளெண்டர் தன் தவறால் விழுந்தால் `/tmp` ஃபோல்டரில் `.crash.txt` என்று ஒரு குறிப்பு விட்டுப் போகும். அங்கே ஒன்றும் இல்லை. குறிப்பு எழுதக்கூட நேரமில்லாமல் வெளியிலிருந்து யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். லேப்டாப்பை அணைக்காமல் மூடி மட்டும் கொண்டுவந்தது இங்கே உதவியது. கெர்னல் பதிவு அப்படியே இருந்தது:

```
sudo dmesg -T | grep -i "out of memory"
Out of memory: Killed process 5127 (blender)
```

பக்கத்தில் நேரம் 6:11. மெமரி தீர்ந்து லினக்ஸே பிளெண்டரைக் கொன்றிருக்கிறது. மவுஸ் உறைந்ததும் அதனால்தான், ரேம் நிரம்பிய பிறகு ஸ்வாப்பில் எழுதத் திணறிய ஒரு நிமிஷம் அது.

480 ஃப்ரேம் தாங்கிய மெமரி 481-ஆவதில் ஏன் தீர வேண்டும்? கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தால் அது வேறு நோய். ஒரு நடு ஃப்ரேமையும் கடைசிக்கு முந்தையதையும் டெர்மினலில் ஓட்டிப் பார்த்தோம்:

```
blender -b paalam.blend -o //test/#### -f 240,479
```

ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் `Fra:` என்று தொடங்கும் வரிகள் ஓடும், அதில் `Peak` என்ற இடத்தில் மெமரி உச்சம் தெரியும். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு, 8 ஜிபியில் பாதிகூட இல்லை. ஆக ஏறிக்கொண்டே போகவில்லை. 480-இல் மட்டும் புதிதாக ஏதோ உள்ளே வந்திருக்கிறது.

பிளெண்டரைத் திறந்து 480-க்குப் போனோம். பாலம் இல்லை. ஆரியங்காவு ஸ்டேஷன் தெரிந்தது.

அவன் டைம்லைனை 0-இல் தொடங்கியிருந்தான். 20 விநாடி, விநாடிக்கு 24, பெருக்கினால் 480, ஆகவே முடிவு 480. ஆனால் 0 முதல் 480 வரை எண்ணினால் 481 ஃப்ரேம் வரும். முதல் ஷாட் 479-இலேயே முடிந்துவிட்டது. 480-இல் அவனே மார்க்கர் வைத்துக் கேமராவை இரண்டாவது ஷாட்டுக்கு மாற்றியிருந்தான். ராத்திரி வேலையைக் கொன்ற ஃப்ரேம் அந்த ஷாட்டைச் சேர்ந்ததே இல்லை. அதைச் சொன்னபோது அவன் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "தேவையே இல்லாத ஃப்ரேமாண்ணே?" என்று மட்டும் கேட்டான்.

இனி ஜல்லி. முதலில் ஒரே ஒரு கல் செய்திருக்கிறான், ஒரு கனசதுரத்தை நெளித்து. வழவழப்புக்காக சப்டிவிஷன் மாடிஃபையர் போட்டு, கிட்டத்தில் அழகாகத் தெரியட்டும் என்று ரெண்டர் அளவை 6 ஆக்கியிருக்கிறான். திரையில் வேலை செய்யும்போது மெதுவாகக் கூடாது என்று வியூபோர்ட் அளவு 1-இலேயே இருந்தது. இந்த இரண்டும் தனித்தனி எண்கள். வேலை செய்யும்போது கண்ணுக்குத் தெரிவது முதல் எண், ரெண்டரில் வருவது இரண்டாவது எண். ஒவ்வொரு படிக்கும் முகங்கள் நான்கு மடங்காகும். கனசதுரத்துக்கு 6 முகம். படி 1-இல் 24. படி 6-இல் 24,576.

ஒரு கல்லுக்கு அது ஒன்றுமே இல்லை, தனியாக ரெண்டர் செய்து பார்த்தபோது உடனே வந்திருக்கிறது. முதல் ஷாட்டில் தெரியக் கூடாது என்று அந்தக் கல்லை 479 வரை ரெண்டரில் மறைத்து, 480-இல் தெரியும்படி கீஃப்ரேம் வைத்திருக்கிறான். அதுவும் சரியான வேலைதான். அப்புறம் `Shift+D` அமுக்கி அமுக்கி 1,500 கற்கள் ஆக்கியிருக்கிறான். மாடிஃபையரும் கீஃப்ரேமும் ஒவ்வொரு நகலோடும் கூடவே போயின. வியூபோர்ட்டில் எல்லாக் கல்லும் சேர்ந்து 36,000 முகம், லேப்டாப் அசையவில்லை. ரெண்டரில் 3 கோடியே 68 லட்சம் முகம். சைக்கிள்ஸ் ஒவ்வொன்றையும் இரண்டு முக்கோணமாக்கும், 7 கோடியே 37 லட்சம். பிளெண்டர் தன் கணக்குக்கு ஒரு முறையும், சைக்கிள்ஸ் தன் கணக்குக்கு இன்னொரு முறையும் இதை மெமரியில் வைக்க வேண்டும். 8 ஜிபி அதற்கு எந்த மூலைக்கு?

ரெண்டரில் மறைத்த பொருளை அந்த ஃப்ரேம் வரை பிளெண்டர் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதனால்தான் ராத்திரி முழுக்க ஒரு தடுமாற்றமும் இல்லை. 479 வரை அந்த 1,500 கல்லும் ரெண்டரைப் பொறுத்தவரை இல்லாதவை. 480-இல் ஒரே அடியாக எல்லாம் வந்து இறங்கின.

மீட்டதும் ஒட்டியதும்

முடிவு ஃப்ரேமை 479 ஆக்கி, இந்த முறை வீடியோவாக இல்லாமல் பிஎன்ஜி படங்களாக ரெண்டர் செய்தோம்:

```
blender -b paalam.blend -o //frames/#### -F PNG -s 431 -e 479 -a
```

`-a` கடைசியில் இருக்க வேண்டும். பிளெண்டர் இந்த வரியை இடமிருந்து வலமாகப் படித்து அப்படியே செய்யும். `-a` முதலில் வந்தால் ஃபைலில் இருக்கும் பழைய எண்களோடு ரெண்டர் தொடங்கிவிடும், பின்னால் எழுதியதைப் பார்க்காது.

எட்டரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் 49-உம் வந்துவிட்டன. மீட்ட வீடியோவை 0 முதல் 430 வரை படங்களாகப் பிரித்து அதே ஃபோல்டரில் போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து வீடியோ ஆக்கினோம். அதில் ஒரு குறை தெரிந்தது. 17 விநாடி தாண்டி, பதினெட்டாகும் முன் பாலத்துக்குப் பின்னால் இருக்கும் காடு திடீரென்று தெளிவாகிறது. முதல் 431 ஃப்ரேமும் ஏற்கெனவே ஒருமுறை அமுக்கப்பட்டு இலைகளின் விவரம் கொஞ்சம் கரைந்தவை. பிந்தைய 49-இல் ஒவ்வோர் இலையும் இருக்கிறது. வண்டியைப் பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போகலாம், ஆனால் அவனுக்குத் தெரிந்துவிட்டது, அதோடு அனுப்ப அவன் சம்மதிக்கவில்லை. அந்த 49 படத்தையும் முதலில் அதே அளவு அமுக்கி வீடியோவாக்கி, மறுபடி படங்களாகப் பிரித்து, பிறகு சேர்த்தோம். நல்ல படத்தை வேண்டுமென்றே கெடுத்ததுதான். மாற்றம் கண்ணில் படாமல் போனது. பத்தே முக்காலுக்குக் கடையிலிருந்தே அனுப்பினான்.

அன்று ராத்திரி முழு ஷாட்டையும் பிஎன்ஜியாகத் திரும்ப ஓட்டச் சொன்னேன். இருக்கும் படத்தின் மேலேயே எழுதவிடும் `Overwrite` டிக்கை எடுத்துவிட்டால், நடுவில் நின்றாலும் மறுபடி அமுக்கும்போது இருக்கும் படங்களைத் தாண்டி விட்ட இடத்திலிருந்து தொடரும். அவன் எங்கேயோ படித்துவிட்டு `Placeholders`-ஐயும் டிக் செய்திருந்தான், அதை எடுக்கச் சொன்னேன். பல கணினிகள் ஒரே ஃபோல்டரில் ரெண்டர் செய்யும்போது ஒன்றின் ஃப்ரேமை இன்னொன்று தொடாமலிருக்க அது காலி ஃபைல் ஒன்றை முதலில் வைத்துவிடும். ஒற்றை லேப்டாப்பில் அது ஆபத்து. கிராஷ் ஆனால் அந்தக் காலி ஃபைல் அங்கேயே இருக்கும், `Overwrite` இல்லாததால் அடுத்த முறை ரெண்டர் அதை முடிந்த படம் என்று எண்ணித் தாண்டிப் போகும், வீடியோவில் ஒரு ஃப்ரேம் காணாமல் போகும். ஏற்கெனவே அப்படி ஆகியிருந்தால் காலி ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டுத் தொடரலாம்:

```
find frames -name '*.png' -size 0 -delete
```

பிஎன்ஜிக்கு இடம் அதிகம் பிடிக்கும். அவனுடைய காட்டுப் படம் ஒன்று 3 எம்பியைத் தொட்டது, மொத்தம் ஒன்றரை ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. பழைய லேப்டாப்பில் ராத்திரி டிஸ்க் நிரம்பினால் அதுவும் ஒரு கிராஷ்தான், அதனால் தொடங்கும் முன் இடம் பார்த்தான். காலையில் ஃபோல்டரில் 480 படங்கள் இருந்தன, 0000 முதல் 0479 வரை.

ஜல்லியை அவன் குறைக்கவில்லை. வெவ்வேறு வடிவத்தில் ஆறு கல் மட்டும் செய்து, ஒவ்வொன்றையும் ஒரு கலெக்‌ஷனில் வைத்து, மீதி எல்லாவற்றையும் அவற்றின் இன்ஸ்டன்ஸாகப் பரப்பினான். 1,500 இடத்தில் தெரிந்தாலும் மெமரியில் ஆறு கல்தான். ரெண்டர் அளவு 2. அந்த உயரத்துக் கேமராவில் 6-க்கும் 2-க்கும் வித்தியாசம் தேடினேன், எனக்குத் தெரியவில்லை. ஸ்டேஷன் ஷாட்டை ஓட்டும் முன் முதல், நடு, கடைசி மூன்று ஃப்ரேமையும் டெர்மினலில் தனியாக ஓட்டி `Peak` எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்து காட்டினான். 480-ஆவது ஃப்ரேம் 71 விநாடியில் வந்தது. அதைத் தாத்தாவிடம் காட்டினானாம். ஸ்லீப்பருக்கு வெளியே ஜல்லி இன்னும் கொஞ்சம் மேடாக இருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருக்கிறார், அதைத்தான் இப்போது திருத்திக்கொண்டிருக்கிறான்.